ஒரு கோடு வந்த பிறகு அடுத்த கோடு

ஆயிரம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால், அவற்றில் எத்தனை குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்துபோகின்றன? இந்த எண்ணுக்குச் சிசு மரண விகிதம் என்று பெயர். தேசியக் குடும்ப நல ஆய்வின் முதல் சுற்று 1992-93இல் நடந்தபோது தமிழ்நாட்டில் அது 68. ஐந்தாவது சுற்று முடிந்த 2019-21இல் 19. இடையில் மூன்று சுற்றுகள். இதே ஐந்து சுற்றுகளுக்கும் இந்திய சராசரி, உத்தரப்பிரதேசம், கேரளம் ஆகியவற்றின் எண்களையும் சேர்த்து ஒரு கோட்டு வரைபடம் போட்டால் நான்கு கோடுகள், இருபது புள்ளிகள். கணினியில் இதைச் செய்வது சில நிமிட வேலை. சுகாதாரப் பயிற்சி வகுப்புகளிலும் கல்லூரிக் கருத்தரங்குகளிலும் இந்த மாதிரிப் படங்கள் தினம் தினம் திரையில் விழுகின்றன.

விழுந்தவுடன் என்ன நடக்கிறது என்பதை அறிய, பேசுகிறவரை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். சிலரின் கண் உச்சியில் இருக்கும் கோட்டுக்குப் போகிறது. சிலர் ஓரத்திலுள்ள பெட்டியைப் பார்த்து, எந்த நிறம் எந்த மாநிலம் என்று பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். சிலர் கீழே இருக்கும் ஆண்டுகளைப் படிக்கிறார்கள். பின்வரிசையில் இருப்பவர் தன் சொந்த மாநிலத்தைத் தேடுகிறார். இதற்குள் பேசுகிறவர் தமிழ்நாட்டைச் சொல்லி முடித்து உத்தரப்பிரதேசத்துக்குப் போய்விட்டார். காது ஓரிடத்தில், கண் வேறிடத்தில். ஒப்பீடு என்று ஒன்று நடக்க வேண்டுமானால் இரண்டு கோடுகளை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்த வேண்டும். எந்தக் கோடு எது என்பதே தெளியாதபோது அது நடக்க வழியில்லை.

இதற்கு மருந்தாகப் பலரும் படத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள்: இரண்டு மாநிலத்தை எடுத்துவிடுவது, இரண்டு சுற்றுகளை நீக்கிவிடுவது. அப்படிச் செய்தால் சொல்ல வந்த செய்தியும் சேர்ந்து போய்விடும். நான்கு கோடுகளும் இருக்கட்டும், ஆனால் ஒவ்வொன்றாக வரட்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்லும் வழி. பவர்பாயின்ட் போன்ற மென்பொருள்களில் இதற்கான வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. பயன்படுத்துகிறவர்கள் குறைவு. பயன்படுத்துகிறவர்களிலும் பலர் அதை ஓர் அலங்காரமாகவே பார்க்கிறார்கள். எந்தக் கோடு எப்போது வரவேண்டும், அது வருவதற்கு முன் என்ன சொல்ல வேண்டும் என்று யோசிப்பவர்களுக்கே அது பலன் தருகிறது.

சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010இல் பிபிசிக்காகச் செய்த ஒரு நிகழ்ச்சிப் பகுதியில் 200 நாடுகளின் 200 ஆண்டு வரலாற்றை நான்கு நிமிடத்தில் காட்டினார். உலகம் முழுக்கப் பார்க்கப்பட்ட காட்சி அது. நாடுகள் வண்ணக் குமிழ்களாக நகர்வதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கோ அதன் தொடக்கம்தான் பெரிய பாடம். குமிழ் ஒன்றுகூட வருவதற்கு முன் அவர் வெறும் அச்சுகளை வைக்கிறார். மேலும் கீழுமாக ஆயுள், 25 வயது முதல் 75 வயது வரை. இடமிருந்து வலமாக ஒரு நபரின் ஆண்டு வருமானம், 400, 4,000, 40,000 டாலர். எந்த மூலையில் இருந்தால் வறுமையும் நோயும், எந்த மூலையில் இருந்தால் செல்வமும் நலமும் என்று கைகாட்டிச் சொல்லிவிடுகிறார். அதன் பிறகுதான் நாடுகள் வருகின்றன. அந்தச் சில நொடிகளால், பிறகு ஓடும் ஒவ்வொரு குமிழும் எங்கே போகிறது என்பது பார்ப்பவருக்குத் தானாகவே புரிகிறது.

நம் சிசு மரணப் படத்தையும் அப்படியே தொடங்குவோம். முதலில் திரையில் கோடுகள் கிடையாது. நிற்கும் அச்சில் 0 முதல் 100 வரை, படுக்கும் அச்சில் ஆய்வுச் சுற்றுகளின் ஆண்டுகள், மேலே ஒரு தலைப்பு. அவ்வளவுதான். இந்த வெற்றுச் சட்டத்தைக் காட்டிச் சொல்ல வேண்டியவை மூன்று: இது எதைக் குறிக்கும் எண், கீழே போவது நல்லது, இன்னும் சற்று நேரத்தில் இங்கே நான்கு கோடுகள் வரும். கீழே போவது நல்லது என்பதைச் சொல்லாமல் விட்டால், கோடு இறங்குவதைப் பார்த்து ஏதோ சரிவு என்று நினைக்கிறவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள்.

முதல் கிளிக். தமிழ்நாடு: 68, 48, 30, 20, 19. கோடு இடமிருந்து வலமாக வரையப்படுகிறது. முதல் மூன்று இறக்கங்கள் நன்றாகத் தெரிகின்றன. கடைசித் துண்டு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. இப்போது பேசுகிறவர் சற்று நிறுத்த வேண்டும். ஏனென்றால் ஒற்றைக் கோட்டைப் பார்க்கிறவருக்கு ஒரு கேள்வி தானே எழும்: இது நாம் செய்த சாதனையா, இல்லை நாடு முழுக்கவே இப்படித்தான் குறைந்ததா?

அந்தக் கேள்வி எழுந்த இடம்தான் இரண்டாவது கிளிக்குக்கு உரிய இடம். இந்தியா: 79, 68, 57, 41, 35. இதுவும் இறங்குகிறது. ஆகவே கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது, நாடே இறங்கியிருக்கிறது. மீதி விடை இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இருக்கிறது. இடது ஓரத்தில் 79க்கும் 68க்கும் 11 வித்தியாசம். வலது ஓரத்தில் 35க்கும் 19க்கும் 16. பார்வைக்கு இடைவெளி கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் தமிழ்நாடு நாட்டின் சராசரிக்குச் சற்றுக் கீழே இருந்தது, முடிவில் ஏறக்குறைய அதில் பாதிக்கு வந்துவிட்டது. படம் வித்தியாசத்தைக் காட்டும், விகிதத்தைக் காட்டாது. அதைப் பேசுகிறவர்தான் வாயால் சொல்ல வேண்டும். திரையில் இரண்டே கோடுகள் இருப்பதால் அதைக் கேட்கப் பார்வையாளருக்கு நிதானம் இருக்கிறது.

மூன்றாவது கிளிக். உத்தரப்பிரதேசம்: 100, 87, 73, 64, 50. கோடு உச்சியிலிருந்து புறப்படுகிறது. உயரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது கண்ணுக்கே தெரியும். இப்போது செய்ய வேண்டியது படத்தைக் கிடைமட்டமாக வாசிப்பது. உத்தரப்பிரதேசத்தின் கடைசிப் புள்ளியான 50இல் விரலை வைத்து, நேராக இடப்பக்கம் நகர்த்துங்கள். தமிழ்நாட்டின் கோட்டில் அது 1998-99க்கு அருகே போய் முட்டும்; அன்று நம் எண் 48. அதாவது இரு மாநிலங்களுக்கும் நடுவே ஏறத்தாழ இருபது ஆண்டுத் தொலைவு. ஆயிரத்துக்கு 31 என்ற வித்தியாசத்தைவிட, இருபது ஆண்டு என்பது மனத்தில் ஆழமாகப் பதியும். நான்கு கோடுகளையும் ஒரேயடியாகக் கொட்டினால் இந்தக் கிடைமட்ட வாசிப்பை யாரும் செய்ய மாட்டார்கள். எந்தப் புள்ளியிலிருந்து எந்தக் கோட்டுக்குப் போவது என்பதே தெரியாது.

இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு தகவல் உண்டு. உத்தராகண்ட் தனி மாநிலமானது 2000ஆம் ஆண்டு நவம்பரில். ஆகவே உத்தரப்பிரதேசத்தின் முதல் இரண்டு புள்ளிகள் பிரிக்கப்படாத மாநிலத்தைக் குறிப்பவை, பிந்தைய மூன்றும் இன்றைய மாநிலத்தை. கோடு ஒன்றாகத் தெரிந்தாலும் நிலப்பரப்பு ஒன்றல்ல. கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டுவதில் எனக்குப் பிடித்த வசதி இதுதான்: ஒவ்வொரு கோட்டுக்கும் உரிய எச்சரிக்கையை அந்தக் கோடு வரும் நொடியிலேயே சொல்லிவிடலாம். அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

நான்காவது கிளிக். கேரளம்: 24, 16, 15, 6, 4. கோடு படத்தின் அடிவாரத்தில் ஓடுகிறது. அரங்கில் இருப்பவர்கள் சற்று முன்புதான் கிடைமட்டமாக வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். இப்போது விரலைத் தமிழ்நாட்டின் கடைசிப் புள்ளியான 19இல் வைத்து இடப்பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். கேரளத்தின் கோட்டில் அது முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவே, 24க்கும் 16க்கும் இடையில் போய்த் தொடும். தொண்ணூறுகளின் நடுவில் கேரளம் நின்ற இடத்தில்தான் 2019-21இல் தமிழ்நாடு நிற்கிறது. உத்தரப்பிரதேசம் நமக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று கணக்குப் போட்ட அதே கண், நாம் இன்னொருவருக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறோம் என்று பார்க்கிறது. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு. கூடவே, முதல் கிளிக்கில் கண்ட அந்தப் படுத்துப்போன கடைசித் துண்டுக்கும் இப்போது பொருள் மாறிவிடுகிறது. இருபதுக்கு வந்தபின் அதற்குக் கீழே போக இடமில்லை என்று யாராவது நினைத்திருந்தால், கேரளத்தின் கோடு அதை மறுக்கிறது.

ஒரு நிதானமும் தேவை. இவை மாதிரி ஆய்வின் எண்கள். ஒவ்வொரு சுற்றும் அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் நிகழ்ந்த பிறப்புகளை, தேர்ந்தெடுத்த வீடுகளில் கேட்டறிந்து கணக்கிடுகிறது. ஆகவே 20க்கும் 19க்கும் உள்ள வித்தியாசத்தையோ, கேரளத்தின் 6க்கும் 4க்கும் உள்ள வித்தியாசத்தையோ பெரிதாக எடுத்துக்கொண்டு பேசக் கூடாது. மாதிரிப் பிழைக்குள் அடங்கிவிடக்கூடிய அளவு அது. தமிழ்நாட்டின் கடைசித் துண்டு ஏறக்குறையப் படுத்திருக்கிறது என்று சொல்லலாம். ஒரு புள்ளி குறைந்தது என்று கொண்டாடக் கூடாது.

இப்போது வரிசைக்கு வருவோம். இதே நான்கு கோடுகளை வேறு வரிசையில் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேரளத்தை முதலில் காட்டினால், அடுத்து வரும் எல்லாமே தோல்வியாகத் தெரியும். 68இலிருந்து இறங்கிய தமிழ்நாட்டின் உழைப்பு யார் கண்ணிலும் படாது. கேரளத்தை மூன்றாவதாகக் காட்டி உத்தரப்பிரதேசத்தைக் கடைசியில் வைத்தால், அரங்கம் பெருமிதத்தோடு கலைந்து போகும். இறுதியில் திரையில் இருப்பது எல்லா வரிசையிலும் ஒரே படம்தான். ஆனாலும் கடைசியாக வந்த கோடு எதுவோ அதுதான் வெளியே போகிறவர்களின் மனத்தில் நிற்கிறது. வரிசை என்பது பேசுகிறவரின் வாதம். அதை அவர் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும், கேட்டால் காரணம் சொல்லவும் வேண்டும். தமிழ்நாட்டுச் செவிலியர்களுக்கோ மருத்துவ அலுவலர்களுக்கோ பேசுவதென்றால் நான் கேரளத்தைக் கடைசியில்தான் வைப்பேன். அவர்கள் அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

அடுத்த கோடு எங்கே வரும் என்று அரங்கத்தையே ஊகிக்கச் சொல்வதும் நல்ல பலன் தரும். அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் 2015இல் இதை இணையத்தில் செய்து பார்த்தது. பெற்றோரின் வருமானத்துக்கும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வாய்ப்புக்கும் உள்ள தொடர்பை வெறும் அச்சுகளாக வைத்து, கோட்டை நீங்களே வரையுங்கள் என்றது. வாசகர் வரைந்த பிறகுதான் உண்மைக் கோடு தோன்றும். அரங்கில் இதற்குக் கணினி விளையாட்டு எதுவும் வேண்டாம். கேரளத்தின் கோட்டுக்கு முன், 1992-93இல் அங்கே எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருந்தால் போதும். தான் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டவர் விடையைக் கவனமாகப் பார்ப்பார்.

செய்முறை எளிது. பவர்பாயின்டில் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்து, மேலே Animations என்ற பட்டியில் Wipe என்பதை அழுத்துங்கள். பக்கத்தில் உள்ள Effect Options என்பதைத் திறந்தால் இரண்டு பகுதிகள் தெரியும். ஒன்று திசை. கோட்டு வரைபடத்துக்கு From Left கொடுங்கள். காலம் ஓடும் திசையிலேயே கோடும் ஓடும். தூண் வரைபடம் என்றால் From Bottom. இன்னொன்று வரிசைமுறை. முதலில் As One Object என்று இருக்கும். அதை By Series என்று மாற்றுங்கள். இனி ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு கோடு வரும். கீநோட் மென்பொருளிலும் இதே பெயரில் இந்த வசதி உண்டு.

அதே பட்டியலில் By Category என்று இன்னொன்று இருக்கும். அது ஆண்டுவாரியாகக் காட்டும்: முதலில் 1992-93இன் நான்கு புள்ளிகள், பிறகு 1998-99இன் நான்கு. அந்தந்த ஆண்டில் யார் முன்னே, யார் பின்னே என்பதுதான் கேள்வி என்றால் இது பொருந்தும். ஒரு மாநிலம் நடந்துவந்த பாதையை இன்னொன்றின் பாதையோடு வைத்துப் பார்க்க By Series வேண்டும். By Element in Series என்பதைத் தேர்ந்தால் நம் படத்துக்கு இருபது கிளிக் ஆகும். அதைத் தொடவே வேண்டாம். ஐந்தாவது கிளிக்கிலேயே கேட்பவர்கள் சலித்துவிடுவார்கள்.

பிறகு Animation Pane என்பதைத் திறந்து, அங்குள்ள வரைபடத்தின் பெயரில் வலது கிளிக் செய்து Effect Options போனால் Chart Animation என்ற பக்கம் இருக்கும். அதில் Start animation by drawing the chart background என்ற வரிக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அப்போது ஸ்லைடு வந்ததுமே அச்சுகள் திரையில் நிற்கும், முன்பு சொன்ன வெற்றுச் சட்டம் கிடைத்துவிடும். கோடு வரையப்படும் நேரம் தானாக அரை நொடியாக இருக்கும். அது மிகக் குறைவு. ஒன்று அல்லது ஒன்றரை நொடி வையுங்கள். இரண்டு நொடிக்கு மேல் போனால் எல்லோரும் கோடு முடியக் காத்திருப்பார்கள். சுழல்வது, துள்ளுவது, பறந்து வருவது போன்ற அசைவுகள் எதையும் சேர்க்கக் கூடாது. கோடு தன் இடத்தில்தான் தோன்ற வேண்டும். வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்தால், நடுவில் அது இருந்த இடங்களெல்லாம் பொய்யான எண்கள்.

கோடுகள் வரும் வரிசை, தரவு அட்டவணையில் அவை இருக்கும் வரிசைதான். மாற்ற வேண்டுமானால் Chart Design பட்டியில் Select Data போய், அம்புக்குறியால் மேலே கீழே நகர்த்திக்கொள்ளலாம்.

இதில் அடிக்கடி நேரும் சறுக்கல் ஓரத்தில் நிற்கும் அந்த நிறப் பெட்டியால் வருவது. கோடுகள் ஒவ்வொன்றாக வந்தாலும், பெட்டி அச்சுகளோடு சேர்ந்து முதலிலேயே வந்து நிற்கும். நான்கு பெயர்களும் அதில் தெரியும். அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கச் சொல்லும் வாய்ப்பே போய்விடும். நிறத்தைப் பொருத்தித் தேடும் வேலையும் மிச்சமாகாது. பெட்டியை நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கோட்டின் கடைசிப் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து Add Data Label கொடுத்து, பிறகு Format Data Labels என்பதில் Series Name என்பதற்கு டிக் செய்தால், மாநிலத்தின் பெயர் கோட்டின் முனையிலேயே நிற்கும். அந்தப் பெயர் தன் கோட்டோடு சேர்ந்துதான் திரையில் தோன்றும். பெயருக்கு இடம் வேண்டும் என்பதால் படத்தின் வலப்பக்கத்தைச் சற்று உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு, அதைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அனிமேஷன் தெரியாதவர்கள், அல்லது கூகுள் ஸ்லைட்ஸ் போல வரைபடத்தைக் கோடு கோடாகக் காட்டும் வசதி இல்லாத மென்பொருளில் வேலை செய்கிறவர்கள், ஒரே ஸ்லைடைப் பல பிரதி எடுத்து, முதல் பிரதியில் ஒரு கோடு, இரண்டாவதில் இரண்டு கோடு என்று வைப்பார்கள். இது தவறான வழி அல்ல. ஆனால் வரைபடத்திலிருந்து கோடுகளை நீக்கும்போது, நிற்கும் அச்சின் உச்ச எண்ணை மென்பொருள் தானாகவே மாற்றிவிடும். கேரளம் மட்டும் இருக்கும் படத்தில் மிகப் பெரிய எண் 24 என்பதால் அச்சு 30இல் முடியும். 24இலிருந்து 4க்கு வரும் கோடு படம் முழுக்க வீழ்ந்து, பெரும் சரிவாகத் தெரியும். அடுத்த பிரதியில் உத்தரப்பிரதேசத்தைச் சேர்த்தால் அச்சு 120 வரை நீண்டுவிடும். சற்று முன்பு திரையை நிறைத்த அதே கேரளக் கோடு அடியில் ஒரு சிறு சாய்வாகச் சுருங்கிப்போகும். எண் எதுவும் மாறவில்லை, அளவுகோல் மாறிவிட்டது. பார்ப்பவருக்கு முதல் கோட்டைப் பற்றிப் பதிந்த எண்ணம் பொய்யாகிவிடுகிறது, அது ஏன் என்றும் அவருக்குத் தெரியாது.

இது நேர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஸ்லைடுகளை வேகமாக முன்னும் பின்னும் தட்டிப் பாருங்கள். முதல் கோடு ஓர் இம்மியும் அசையக் கூடாது. அசைந்தால் அளவுகோல் மாறியிருக்கிறது. அச்சின் மேல் வலது கிளிக் செய்து Format Axis போய், Bounds என்ற இடத்தில் Minimum 0, Maximum 100 என்று கையால் எழுதி நிறுத்திவிட வேண்டும். எல்லாக் கோடுகளையும் வைத்து முழுப் படத்தை முதலில் முடித்து, அளவுகோலைக் கட்டி, நிறங்களையும் உறுதிசெய்துவிட்டு, அதன் பிறகே பிரதி எடுங்கள். பிரதிகளில் கோட்டை நீக்கும்போது நிறம் அடுத்த கோட்டுக்குத் தாவிவிடுவதும் உண்டு. முன் ஸ்லைடில் நீலமாக இருந்த இந்தியா அடுத்ததில் ஆரஞ்சாகிவிட்டால் ஒப்பீடு அங்கேயே அறுந்துவிடும். By Series முறையில் இந்தத் தொல்லைகள் இல்லை. எல்லாக் கோடுகளும் படத்துக்குள் முதலிலிருந்தே இருப்பதால் அளவுகோல் தொடக்கத்திலேயே முழுமையாக நிற்கும்.

இன்னொரு குறை, அனிமேஷனால் வருவதல்ல. ஆனால் கோடுகள் ஒவ்வொன்றாக வரும்போது பளிச்சென்று தெரிந்துவிடும். ஐந்து சுற்றுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி சமமல்ல. முதல் இரண்டு இடைவெளிகள் ஆறேழு ஆண்டுகள். 2005-06க்கும் 2015-16க்கும் நடுவே பத்து ஆண்டுகள். அதன் பிறகு நான்கைந்துதான். சாதாரணக் கோட்டு வரைபடம் இவற்றைச் சம தூரத்தில் வைத்துவிடும். பத்து ஆண்டில் நடந்த இறக்கம் ஆறு ஆண்டில் நடந்ததைப் போலச் செங்குத்தாகத் தெரியும். கோடு வரையப்படும் வேகத்தைக் காலத்தின் வேகமாகவே பார்வையாளர் எடுத்துக்கொள்வதால் பிழை இன்னும் அழுத்தமாகப் பதியும். இதைத் தவிர்க்க, கோட்டு வரைபடத்துக்குப் பதில் புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும் சிதறல் வரைபடத்தை, Scatter with Straight Lines என்ற பெயரில் இருப்பதை, எடுத்துக்கொண்டு ஆண்டுகளை எண்ணாகக் கொடுத்தால் போதும். அதையும் By Series முறையில் காட்டலாம். இருபது ஆண்டு, கால் நூற்றாண்டு என்று கிடைமட்டமாக அளந்து சொன்னோமே, அந்த வாசிப்பு நியாயமாக இருக்க வேண்டுமானால் இந்தத் திருத்தம் கட்டாயம்.

By Series என்ற தேர்வே பட்டியலில் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் எக்செல்லிலிருந்து வரைபடத்தைப் படமாக ஒட்டியிருப்பீர்கள். படத்துக்குள் கோடுகள் தனித்தனியாக இல்லை. வரைபடமாகவே மறுபடி ஒட்டுங்கள்.

எப்போது இந்த முறை வேண்டாம்? நான்கைந்து கோடுகளுக்கு மேல் இருந்தால் இது உதவாது. பன்னிரண்டு மாநிலங்களைப் பன்னிரண்டு கிளிக்கில் காட்டினால், பத்தாவது வரும்போது இரண்டாவது மறந்துபோகும். அப்போது முக்கியமான மூன்றை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, மற்றவற்றை வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரே தடவையில் பின்னணியாகக் கொண்டுவரலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. ரோஸ்லிங் பாணியில் ஓடும் குமிழ்ப் படத்தையும், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்றாக அருகருகே வைத்த அசையாத சிறு படங்களையும் அது ஒப்பிட்டுப் பார்த்தது. ஓடும் படம் பார்ப்பவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிழை குறைவாக இருந்தது அசையாத சிறு படங்களில்தான். நம் முறையில் வந்த கோடு அங்கேயே தங்கிவிடுகிறது, எதுவும் ஓடி மறைவதில்லை. அந்த அளவில் இது பாதுகாப்பானது. இருந்தாலும், ஒருவர் தனியாக உட்கார்ந்து தரவை ஆராய வேண்டும் என்றால் அவருக்கு எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்க வேண்டும். கிளிக் செய்து காத்திருப்பது அவருக்குத் தடை. கோடு கோடாகக் காட்டுவது ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்கும் இடத்துக்கான முறை.

கூட்டம் முடிந்ததும் ஸ்லைடுகளை பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்வார்கள். பிடிஎஃப்பில் அனிமேஷன் இருக்காது. நான்கு கோடுகளும் ஒன்றாக நிற்கும். நீங்கள் வாயால் சொன்ன இருபது ஆண்டும் கால் நூற்றாண்டும் உத்தராகண்டும் அதில் இருக்காது. ஆகவே அனுப்பும் பிரதியில் அந்த இரண்டு கிடைமட்டத் தூரங்களையும் மெல்லிய புள்ளிக்கோட்டால் குறித்து, மாநிலப் பிரிவினையைப் பற்றி ஒரு வரியைப் படத்துக்கு அடியில் எழுதிவிட்டு அனுப்புங்கள்.